பெருவிரலுக்கு ஒரு வரம்பு, அட்டைக்கு இன்னொரு வரம்பு

மருமகளின் சாமத்திய வீட்டிற்காகப் பரிசிலிருந்து வந்திருந்த அத்தான், திருகோணமலை நகரத்துப் புடைவைக் கடை ஒன்றில் 64,800 ரூபாய்க்குச் சேலைகள் எடுத்துவிட்டு, தன் வங்கி அட்டையின் ஒரு மூலையில் இருந்த கறுத்த சதுரத்தின் மேல் வலது பெருவிரலை வைத்து, அப்படியே அட்டையைக் கார்ட் மெசினின் மேல் பிடித்தார். மெசின் ஒலி எழுப்பியது. பிறகு அட்டையைச் செருகும்படி கேட்டது. அத்தான் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் முயன்றார். அதே பதில்தான் வந்தது. கடை முதலாளி என்னைப் பார்த்து, "தம்பி, இந்தக் கார்ட் பழுது போல கிடக்கு" என்றார். அத்தான் கடைசியில் அட்டையைச் செருகி, இரகசிய இலக்கத்தை அழுத்திக் கணக்கை முடித்தார்.

இரண்டு நாள் கழித்து, உப்புவெளியில் ஒரு விடுதியில் குடும்பமாகச் சாப்பிட்ட கணக்கு 38,000 ரூபாயைத் தாண்டியது. அதே அட்டை, அதே பெருவிரல், அதே விதமாகப் பிடித்தது. ஒரு கணம் தாமதித்து, பணம் போய்விட்டது. இலக்கமும் கேட்கவில்லை, கையொப்பமும் கேட்கவில்லை. கடைகளில் கார்ட் மெசின்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில் என்பதால், வீட்டில் எல்லோரும் என்னிடம்தான் விளக்கம் கேட்டார்கள். இரண்டு கடைக்கும் பொதுவான விடை அட்டையில் இருக்கவில்லை. ஆனால் அட்டைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அந்த விடைக்குப் போகவும் முடியாது.

அட்டையைத் தட்டிச் செலுத்துவதற்கு ஒரு வரம்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும். பிரான்சில் அது 2020 மே மாதத்திலிருந்து 50 யூரோ. அதற்குக் குறைந்த தொகைக்கு அட்டையைக் கையில் வைத்திருப்பதே போதும். கூடினால், அட்டையை வைத்திருப்பவர் அதன் உரிமையாளர்தானா என்று யாராவது சோதிக்க வேண்டும். ஐரோப்பாவில் இதனுடன் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. 2019 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, சோதனை இல்லாமல் தட்டிய தொகைகள் சேர்ந்து 150 யூரோவைத் தாண்டுவதற்கு முன்போ, தொடர்ந்து ஐந்து தட்டல்களுக்குப் பிறகோ, வங்கி ஒரு முறை உரிமையாளரைச் சோதித்தாக வேண்டும். அத்தான் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்பவர்; லா சப்பலில் சாமான் வாங்கும்போது சில வேளை நாலு யூரோப் பொருளுக்கும் இலக்கம் கேட்டுவிடும் என்று பழைய அட்டையைப் பற்றிக் குறைப்படுவார். அதற்குக் காரணம் அந்த எண்ணிக்கைதான். விரலுணரி உள்ள அட்டையில் ஒவ்வொரு தட்டலுமே சோதனை செய்யப்பட்ட தட்டல் என்பதால், வரம்பும் இந்த எண்ணிக்கையும் சேர்ந்தே விலகிவிடுகின்றன.

தட்டிச் செலுத்தும்போது உரிமையாளரைச் சோதிக்கும் வேலை வழக்கமாக வங்கியினுடையது: நாம் மெசினில் அழுத்தும் இலக்கம் குறியாக்கப்பட்டு வங்கிக்குப் போகிறது, அங்கே ஒப்பிடப்படுகிறது. விரலுணரி உள்ள அட்டையில் இந்த வேலை முழுவதும் அட்டைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. விரலின் படம் கடைக்கும் போவதில்லை, வங்கிக்கும் போவதில்லை. உணரி எடுத்த படத்திலிருந்து ரேகைகளின் அமைப்பு ஒரு சிறு கணக்காகச் சுருக்கப்பட்டு, முன்பே சிப்பில் பதிந்துள்ள கணக்குடன் ஒப்பிடப்படுகிறது. அதன் பிறகு அட்டை வெளியே சொல்வது "பொருந்தியது" என்ற ஒரு சொல்லை மட்டும்தான். எங்களூரில் பலர் பயப்படுவதைப் போல, கைரேகையைக் கடைக்காரன் களவெடுக்க அங்கே எதுவும் இல்லை.

பதிவு செய்யும் விதமும் இதற்கு ஏற்றதாகவே இருக்கிறது. அத்தானுக்கு அட்டையுடன் மின்கலம் உள்ள ஒரு மெல்லிய உறை தபாலில் வந்ததாம். அட்டையை அதில் செருகி, சிறு விளக்குகள் சொல்லும்போதெல்லாம் விரலைத் தூக்கித் தூக்கிச் சற்றே வேறு வேறு கோணங்களில் வைக்க வேண்டும். அதோடு முடிவதில்லை. முதல் முறை ஒரு கடையில் அட்டையைச் செருகி இரகசிய இலக்கத்தை அழுத்திய பிறகுதான் பதிந்த விரல் செல்லுபடியாகும் என்று அவருடைய வங்கி வைத்திருந்தது. தபாலில் அட்டையைக் களவெடுத்தவன் தன் விரலைப் பதிந்துகொண்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதுதான் பதில்: விரலை அவன் பதியலாம், இலக்கம் அவனுக்குத் தெரியாது.

எனக்கு இந்த அட்டையில் பிடித்த பகுதி அதன் மின்சாரம். வங்கி அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். அதற்குள் மின்கலம் வைக்கவில்லை. 13.56 மெகாஹேர்ட்சில் மெசின் பரப்பும் காந்தப் புலத்தை, அட்டையின் ஓரமாகச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் பிடித்துக்கொள்ளும் ஆற்றலிலேயே எல்லாம் இயங்குகின்றன. சாதாரண அட்டையில் அந்த ஆற்றலைச் செலவழிப்பது ஒரு சிப் மட்டுமே. இதில் உணரி விழித்தெழ வேண்டும், படம் எடுக்க வேண்டும், ரேகையைக் கணக்கிட வேண்டும், ஒப்பிட வேண்டும். அத்தனையும் அந்தச் சில பத்து மில்லிவாற்றுக்குள்ளே. ஆகவே விரலை முதலில் வைத்துவிட்டுப் பிறகு மெசினுக்குக் கொண்டுபோக வேண்டும். முடியும்வரை எடுக்கக் கூடாது. மெசினைத் தொட்ட பிறகு விரலை வைத்தால், புலம் கிடைத்த கணத்தில் உணரி பார்ப்பது வெறும் காற்றைத்தான். வீட்டிலேயே விரலை அழுத்திவிட்டுக் கடைக்கு வந்தால் பயனில்லை, ஏனென்றால் மின்சாரம் இல்லாத இடத்தில் அட்டை எதையும் பார்க்கவில்லை.

இந்தக் கணக்குக்கு நேரமும் வேண்டும். சாதாரணத் தட்டல் அரை நொடிக்குள் முடிய வேண்டும் என்பது இத்தொழிலில் பொதுவான எதிர்பார்ப்பு. விரலை ஒப்பிடும் அட்டைக்கு அது போதாமல் போகலாம். தட்டும் அட்டைகளுக்கான தரமான ISO 14443 இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மெசின் ஒன்றைக் கேட்டதும், அட்டை விடைக்குப் பதிலாக `S(WTX)` என்ற சிறு செய்தியை அனுப்பி, இன்னும் சற்றுப் பொறு என்று கேட்கலாம். விடுதியில் நான் கவனித்த அந்த ஒரு கணத் தாமதம் இப்படிப்பட்டதாகவே இருக்க வேண்டும். அந்தத் தாமதத்தைப் பிழை என்று நினைத்து அட்டையை வெடுக்கென்று எடுத்துவிடுபவர்களே அதிகம். கடைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதும், மெசின் ஒலி எழுப்பும்வரை அட்டையை அசைக்க விடாதீர்கள் என்பதைத்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். மேசையின் மேல்தளம் உலோகமாக இருந்து அதன்மேல் மெசின் படுத்துக் கிடந்தால், காந்தப் புலத்தின் ஒரு பகுதியை உலோகம் தின்றுவிடும். சாதாரண அட்டைகள் அங்கே வேலை செய்யும். விரலுணரி உள்ள அட்டை தடுமாறும். அப்படிப்பட்ட இடத்தில் மெசினைக் கையில் தூக்கிப் பிடித்து ஒரு முறை முயன்று பார்ப்பது பாதிப் பரிசோதனை. புடைவைக் கடையில் மேசை பலகை. ஆகவே அது காரணமல்ல.

அடுத்துச் சந்தேகம் விரலின் மேல் விழும். அதற்கும் நியாயமுண்டு. அட்டையில் உள்ள உணரி விரலின் மேடு பள்ளங்களை மின்தேக்கத்தின் வேறுபாட்டால் அறிகிறது: மேடு உணரியைத் தொடுகிறது, பள்ளத்தில் காற்று நிற்கிறது. விரல் ஈரமாக இருந்தால் பள்ளத்தில் காற்றுக்குப் பதிலாக நீர் நிற்கும்; மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேறுபாடு மங்கிவிடும். அத்தானைப் போல நாள் முழுவதும் சூடான நீரிலும் சவர்க்காரத்திலும் கையை வைத்திருப்பவர்களுக்கு மேடே தேய்ந்துவிடுகிறது. வலை இழுக்கும் கையையும் சீமெந்து குழைக்கும் கையையும் இதே வரிசையில் வைக்கலாம். விரல் பொருந்தாவிட்டால் அட்டை செத்துவிடுவதில்லை. சாதாரண அட்டையைப் போல நடந்துகொள்ளும். சிறு தொகை என்றால் போய்விடும், பெருந்தொகை என்றால் இலக்கம் கேட்கும் அல்லது செருகச் சொல்லும். அதாவது, வெளியே நின்று பார்க்கும் நமக்கு, விரல் பொருந்தாததும் மெசின் ஏற்றுக்கொள்ளாததும் ஒரே முகத்துடன்தான் தோன்றும். முதலாளி அட்டையைக் குறை சொன்னதும், அத்தான் விரலைத் துடைத்ததும் அதனால்தான்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க, என்னிடம் இருக்கும் சோதனை வாசிப்பானில் அன்றிரவு அட்டையை வைத்துப் பார்த்தேன். அத்தானின் அட்டை மாஸ்டர்கார்ட் வகை. எந்த அட்டையும் தொடக்கத்திலேயே தன்னால் என்னென்ன முடியும் என்று இரண்டு பைட்டுகளில் மெசினுக்குச் சொல்லும். அதற்கு AIP என்று பெயர், குறி எண் 82. முதல் பைட்டில் உள்ள ஒரு பிட், "உரிமையாளரை நானே என்னிடத்தில் சோதிப்பேன்" என்று பொருள்படும். கைப்பேசியால் பணம் செலுத்தும்போது கைப்பேசி சொல்வதும் இதே பிட்டைத்தான். விரல் இல்லாமலும் விரலுடனும் வைத்தபோது எனக்குக் கிடைத்த வேறுபாடு இவ்வளவுதான்:

```
82  02  19 80
82  02  1B 80
```

82 குறி, 02 நீளம்; அவற்றுக்குப் பின் வரும் பதினாறடி எண்களில் 19 என்பது 1B ஆகியிருக்கிறது. அவருடைய பெருவிரல், சமையலறை, பதிவுறை, உணரி, ஒப்பீடு எல்லாம் சேர்ந்து வெளியுலகில் ஏற்படுத்திய மாற்றம் அந்த ஒரு பிட். மூன்று முறை வைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் 1B வந்தது. இனி விரலையும் அட்டையையும் சந்தேகிக்க இடமில்லை.

மெசின் பக்கத்திற்கு வருகிறேன். தட்டிச் செலுத்தும் வரம்பு என்று நாம் ஒருமையில் சொன்னாலும், மாஸ்டர்கார்ட் அட்டைகளை வாசிக்கும் மென்பொருளில் அது ஒன்றல்ல. மூன்று தனித்தனி எண்கள் அங்கே பதிந்திருக்கும்; அவற்றின் பெயர்களில் வரும் CVM என்பது உரிமையாளரைச் சோதிக்கும் முறை:

```
DF8124  Reader Contactless Transaction Limit (No On-device CVM)
DF8125  Reader Contactless Transaction Limit (On-device CVM)
DF8126  Reader CVM Required Limit
```

மூன்றாவது எண்தான் நாம் பேச்சில் சொல்லும் வரம்பு: அதைத் தாண்டினால் உரிமையாளரைச் சோதிக்க வேண்டும். முதல் இரண்டும் கூரைகள். கூரையைத் தாண்டிய தொகையைத் தட்டிச் செலுத்தவே முடியாது; வேறு வழிக்குப் போக வேண்டியதுதான். உரிமையாளரைத் தானே சோதிக்க முடியாத சாதாரண அட்டைக்கு முதல் கூரை, அந்தப் பிட்டை ஏற்றி வரும் அட்டைக்கும் கைப்பேசிக்கும் இரண்டாவது கூரை. எந்தக் கூரையைப் பார்ப்பது என்பதை மெசின் அட்டையின் AIP-ஐப் படித்த பிறகே முடிவு செய்கிறது. அதனால்தான் புடைவைக் கடை மெசின் முதலில் அட்டையை ஏற்று ஒலி எழுப்பிவிட்டுப் பிறகு மறுத்தது. இந்த எண்களை இடுவது அட்டையைக் கொடுத்த வங்கியோ பிரான்சோ அல்ல. மெசினைக் கொடுத்த வங்கி. அவை இலங்கை ரூபாயில் இருக்கும். அத்தான் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இங்கே அவருக்கு இந்த மெசினின் கூரைதான்.

மறுநாள் கடைக்குப் போய் மெசினின் அமைப்பைப் பார்த்தேன். இரண்டு கூரைகளிலும் ஒரே எண் இருந்தது. அதுவும் மூன்றாவது எண்ணின் அளவுக்கே. தட்டிச் செலுத்தும் வசதி வந்த புதிதில் யாரோ ஒருவர், வரம்பு ஒன்றுதானே என்று மூன்று இடத்திலும் அதையே நிரப்பி இருக்க வேண்டும். விரலுணரி உள்ள அட்டை நாள்தோறும் வரும் ஊரல்ல இது. ஆகவே ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. உப்புவெளி விடுதிக்கோ வெள்ளைக்காரப் பயணிகள் கைப்பேசியைத்தான் நீட்டுகிறார்கள். அறை வாடகைக்குக் கைப்பேசி வேலை செய்யவில்லை என்று அவர்கள் எப்போதோ முறைப்பட்டு, யாரோ திருத்திவிட்டார்கள். அத்தானின் பெருவிரல் அங்கே அந்தத் திருத்தத்தின் நிழலில் உள்ளே போயிருக்கிறது.

அமைப்பைப் பார்க்கும் வசதி இல்லாதவர்களுக்கும் இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இதிலிருந்தே கிடைக்கிறது. அதே மெசினில், அதே அளவு தொகைக்கு, அதே வகை அட்டை ஏற்றிய ஒரு கைப்பேசியைத் திறந்து தட்டிப் பார்க்க வேண்டும். கைப்பேசியும் மறுக்கப்பட்டால் குறை மெசினின் அமைப்பில். கைப்பேசி போய், அட்டை மட்டும் மறுக்கப்பட்டால் குறை விரலில், அட்டையில், அல்லது புலத்தின் வலிமையில். சிறு தொகையைத் தட்டிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது, ஏனென்றால் அதற்கு விரல் பொருந்தவே தேவையில்லை.

கூரைக்குள் தொகை அடங்கினால் அடுத்து நடப்பதில் ஒரு சிறு விநோதம் உண்டு. உரிமையாளர் எப்படிச் சோதிக்கப்பட்டார் என்பதை மெசின் 9F34 என்ற குறியின் கீழ் எழுதி வங்கிக்கு அனுப்பும். விரலோ முகமோ அட்டையிடத்திலேயே சோதிக்கப்பட்டு, தொகையும் வரம்புக்கு மேலாக இருந்தால், மாஸ்டர்கார்ட் முறையில் அங்கே எழுதப்படுவது `01 00 02`. 01 என்பது பழைய நாட்களில் "இலக்கத்தை சிப்பே சரிபார்த்தது" என்பதற்கான எண். விரலுக்கென்று புது எண் எடுக்காமல், அட்டையே சரிபார்த்தது என்ற பொருளில் பழைய எண்ணையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பதிவேட்டைப் படிக்கும் புதிய பையன்கள், இலக்கமே அழுத்தாமல் இலக்கம் சரி என்று எப்படி வந்தது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு பிட்டை நம்பித்தான் இவ்வளவும் என்றால், வழியில் யாராவது அந்தப் பிட்டை மாற்றிவிட்டால் என்ன என்று அக்காவின் மகன் கேட்டான். நல்ல கேள்வி. மாற்றிக் காட்டியும் இருக்கிறார்கள். சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 இல் வீசா வகை அட்டைகளில் அதைச் செய்து காட்டினார்கள். வீசா முறையில் "நான் சோதித்துவிட்டேன்" என்ற செய்தி AIP-இல் அல்ல, 9F6C என்ற வேறொரு குறியில் வருகிறது. அந்தச் செய்தி குறியாக்கத்தால் காக்கப்படாத விதத்தில் போய்க்கொண்டிருந்தது. உணரியே இல்லாத சாதாரண அட்டைக்கும் மெசினுக்கும் நடுவில் இரண்டு கைப்பேசிகளை நிறுத்தி அந்தச் செய்தியை மாற்றியபோது, மெசின் இலக்கம் கேட்காமலே பெருந்தொகையை ஏற்றுக்கொண்டது. ஆகவே மெசினின் நம்பிக்கை மட்டும் போதாது. ஒவ்வொரு தட்டலிலும் அட்டை, தன் வங்கியுடன் மட்டும் பகிர்ந்துள்ள சாவியால் ஒரு முத்திரை எண்ணைக் கணக்கிட்டு அனுப்புகிறது. தொகை, நாணயம், மெசின் கொடுத்த தற்போக்கு எண் ஆகியவற்றுடன் AIP-உம் அந்தக் கணக்கில் சேர்வது வழக்கம். நடுவில் ஒருவன் 19-ஐ 1B ஆக்கினால் மெசின் ஏமாறலாம், வங்கியின் கணக்கு ஒத்துவராது. மேலும், அட்டை தன் வங்கிக்கென்றே எழுதும் குறிப்பு 9F10 என்ற குறியில் தனியே போகிறது. எந்த அட்டைக்கு உணரி கொடுத்தோம், எதற்குக் கொடுக்கவில்லை என்பது வங்கிக்குத் தெரியும். உணரி இல்லாத அட்டை "விரல் பார்த்தேன்" என்று வந்தால் மறுப்பது வங்கியின் வேலை.

விரல் இருக்கிறதே, இனி இலக்கத்தை மறந்துவிடலாமா என்று அத்தான் கேட்டார். மறக்கக் கூடாது என்பதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. உப்புவெளிக் கடலில் இரண்டு மணிநேரம் பிள்ளைகளுடன் குளித்துவிட்டு, விரல் நுனி வற்றல்போலச் சுருங்கிய நிலையில் அதே விடுதியில் அட்டையை நீட்டினார். அன்று அந்த மெசின் அவரிடம் இலக்கம் கேட்டது. பணம் எடுக்கும் இயந்திரத்திலும் விரல் உதவவில்லை, அங்கே இலக்கம்தான்.

புடைவைக் கடை மெசினின் இரண்டாவது கூரையை உயர்த்தும்படி, அதைக் கொடுத்த வங்கிக்கு எழுதினேன். முதலாளிக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. "பரிஸ் ஆள் திரும்பி வர ரெண்டு வரிசம் ஆகும் தம்பி" என்றார். மூன்று கிழமைக்குப் பிறகு புதிய அமைப்பு இரவோடிரவாக மெசினுக்குள் இறங்கியது. அடுத்த வாரம் தாள்சுருள் மாட்டப் போனபோது பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். 31,200 ரூபாய்க்கு யாரோ ஒருவர் தட்டியிருந்தார். 9F34-க்கு எதிரே `01 00 02` இருந்தது. விரலா கைப்பேசியா என்று முதலாளியைக் கேட்டேன். அவருக்கு ஞாபகமில்லை.